மக்காச்சோளத்தில் ஆண் பூவும் பட்டிழையும்: பூக்கும் வாரத்தில் வெயில் ஏறினால் மணி ஏன் பிடிப்பதில்லை?

தை மாதக் கடைசியில் போட்ட மக்காச்சோளத்தைச் சித்திரைக் கடைசியில் மட்டை உரித்துப் பார்க்கிறோம். அடிப்பாகத்தில் மணி நன்றாக இருக்கிறது. நடுவில் பல்லு விழுந்ததுபோல் இடைவெளி. நுனியில் நான்கு விரற்கடை வெறும் தக்கை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அந்தக் கதிரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "விதை சரியில்லை அண்ணே" என்றார். அதே வயலின் தலைமடையில், அதே பையிலிருந்து போட்ட விதையில், நுனி வரை மணி பிடித்த கதிர்கள் நின்றன. அவரை அழைத்துப்போய் அதையும் உரித்துக் காட்டினேன். இரண்டுக்கும் இடையே தூரம் அறுபது அடிதான். வித்தியாசம் விதையில் இல்லை, ஏப்ரல் முதல் வாரத்தின் நாலைந்து நாட்களில் இருந்தது.

அந்த நாட்களில் என்ன நடக்கிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது, வயலில் நின்று எப்படிக் கண்டறிவது என்பதை அந்த ஒரு வயலை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இரண்டு பூக்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியிலும் பெண் பூ இடுப்பிலும் இருக்கின்றன. உச்சியில் விரிகிற கொண்டைதான் ஆண் பூ. இடுப்பில் மட்டைக்குள் இருக்கும் கதிரின் ஒவ்வொரு சூலிலிருந்தும் ஒரு பட்டிழை வளர்ந்து மட்டையின் வாய் வழியாக வெளியே வருகிறது. ஓர் இழைக்கு ஒரு மணி, இதுதான் கணக்கு. 420 மணி உள்ள கதிர் என்றால் 420 இழைகள் வெளியே வந்து, ஒவ்வொன்றின் மீதும் குறைந்தது ஒரு மகரந்தத்துகள் விழுந்து, அது முளைத்து, இழையின் உள்ளே குழாய்போல் இறங்கிச் சூலைத் தொட்டிருக்கிறது என்று பொருள். துகள் விழுந்து சூலைத் தொட ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

எல்லா இழைகளும் ஒரே நாளில் வருவதில்லை. கதிரின் அடிப்பகுதி இழைகள் முதலில் வருகின்றன, நுனியின் இழைகள் கடைசியில். முழுவதும் வெளிவர நான்கைந்து நாட்கள் பிடிக்கும். வெளியே வந்த இழை நாளுக்கு ஓர் அங்குலம் அல்லது அதற்குமேல் வளர்ந்துகொண்டே இருக்கும், மகரந்தம் உள்ளே இறங்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிடும். இந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்திருங்கள், பின்னால் நமக்கு உதவும்.

ஆண் பூவின் பக்கம் பார்த்தால், ஒரு செடி ஐந்து முதல் எட்டு நாட்கள் மகரந்தம் உதிர்க்கும். நடுக்காம்பின் மத்தியில் தொடங்கி மேலும் கீழும் பரவி, கிளைக் காம்புகளுக்குப் போகும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் மகரந்தப்பைகள் தொங்கத் தொடங்கி, பெரும்பாலும் ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் அன்றைய தூள் உதிர்ந்துவிடும். கனமான தூள் என்பதால் பெரும்பகுதி சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும்.

ஆண் பூ தூள் உதிர்க்கத் தொடங்கும் நாளுக்கும் பட்டிழை எட்டிப்பார்க்கும் நாளுக்கும் உள்ள இடைவெளி நல்ல பயிரில் ஒன்றிலிருந்து மூன்று நாள். மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையமான சிம்மிட், வறட்சியைத் தாங்கும் ரகங்களைப் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்தபோது இந்த இடைவெளியைத்தான் முக்கிய அடையாளமாக வைத்துக்கொண்டது. நெருக்கடியிலும் இடைவெளி நீளாத செடி மணி பிடிக்கும் செடி என்று அவர்கள் கண்டார்கள். நம் வயலிலும் முதலில் எண்ண வேண்டியது இந்த நாட்களைத்தான்.

வெயில் எந்த இடத்தில் அடிக்கிறது

"வெயிலில் மகரந்தம் கருகிவிட்டது" என்று பொதுவாகச் சொல்கிறோம். அது உண்மையின் ஒரு பகுதி. உதிர்ந்த தூளுக்கு உயிர் மிகக் குறைவு. மிதமான வெப்பத்தில் ஓரிரு மணி நேரம், வறண்ட அனல் காற்றில் அதைவிடக் குறைவு. 35 டிகிரிக்கு மேல் அதன் முளைப்புத்திறன் இறங்குகிறது, 38 டிகிரியைத் தாண்டினால் வேகமாகச் சரிகிறது. ஆனால் ஒரு கொண்டையில் இலட்சக்கணக்கான துகள்கள் இருக்கின்றன. அவை ஒரே நாளில் கொட்டுவதில்லை. ஒவ்வொரு காலையும் புதிதாக, வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன்பே உதிர்கின்றன. ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்கு 38 டிகிரி அடித்ததால் மட்டும் மணி பொய்த்துவிடாது. காலை பத்து மணிக்கே 35-ஐத் தாண்டும் நாட்கள் வரிசையாக வந்தால்தான் தூளின் பக்கம் உண்மையான சேதம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கொண்டை விரிவதற்கு ஒன்று, இரண்டு வாரம் முன்பே, அது இன்னும் இலைச்சுருளுக்குள் இருக்கும்போதே மகரந்தம் உருவாகிறது. அந்த நாட்களில் கடும் வெயில் அடித்தால் தூள் பிறக்கும்போதே மலடாகிவிடும். சில செடிகளில் கொண்டை வெளுத்து, வைக்கோல்போல் காய்ந்தே வெளியே வரும், மகரந்தப்பை தொங்காது. அப்படி வந்துவிட்டால் அதன்பின் பாய்ச்சும் தண்ணீர் அந்தக் கொண்டையைக் காப்பாற்றாது.

நம் வயல்களில் நான் அதிகம் பார்ப்பது இன்னொரு சேதம். பட்டிழை ஏறத்தாழ முழுவதும் தண்ணீர். அது மட்டைக்குள் ஓரடி நீளம் நீள்வதற்குச் செடியில் நீர் அழுத்தம் வேண்டும். அனல் காற்று இலையிலிருந்து உறிஞ்சும் நீரை வேர் ஈடுகட்ட முடியாதபோது இழையின் வளர்ச்சி முதலில் நின்றுபோகிறது. உச்சியில் இருக்கும் ஆண் பூ அந்த அளவு பின்வாங்குவதில்லை. அது தன் நாளில் விரிந்து, தன் தூளைக் கொட்டி முடித்துவிடும். இழை ஐந்தாறு நாள் கழித்து வரும்போது மேலே தூள் இல்லை. வெயிலும் மண் காய்ச்சலும் சேரும்போது மணி குறைவதற்கு முதல் காரணம் இந்த நாள் தவறுதல்தான். வெயிலை நாம் குறைக்க முடியாது, நாள் தவறுவதைக் குறைக்க முடியும்.

விதைக்கும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

105 முதல் 110 நாள் வயதுள்ள வீரிய ஒட்டு ரகங்கள் ஏறத்தாழ 50 முதல் 55 நாளில் பூக்கும். குளிர் நாட்களில் போட்டால் சில நாள் கூடும். திருச்சி, பெரம்பலூர் பக்கம் புரட்டாசியில் மானாவாரியாகப் போடும் பயிர் கார்த்திகை வாக்கில் பூக்கிறது. அங்கே வெயில் பிரச்சினையே இல்லை, மழை இடைவெளிதான் பிரச்சினை. கிணற்றுப் பாசனத்தில் தையிலும் மாசியிலும் போடுவதில்தான் கவனம் வேண்டும்.

ஜனவரி 10-இல் விதைத்து 57 நாளில் பூத்தால் அது மார்ச் 8. பிப்ரவரி 10-இல் விதைத்து 52 நாளில் பூத்தால் ஏப்ரல் 3. விதைப்பில் ஒரு மாதம் தள்ளினால் பூக்கும் நாள் 26 நாள் தள்ளுகிறது. உள்மாவட்டங்களில் அந்த 26 நாட்களில் பகல் வெப்பம் இரண்டு, மூன்று டிகிரி ஏறிவிடும், காற்றின் ஈரமும் குறையும். மார்ச் நடுப்பகுதிக்குள் பூ முடிந்துவிடும்படி விதையுங்கள் என்பதே என் கருத்து. நெல் அறுத்த வயல் காலியாகாமல் பிப்ரவரி நடுப்பகுதியைத் தாண்டிவிட்டால், அந்த நிலத்தில் மக்காச்சோள மணிக்குப் பதிலாகப் பசுந்தீவனத்துக்கோ எள்ளுக்கோ போவதே நல்லது.

தாமதமாக விதைத்தே தீர வேண்டுமென்றால் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். எட்டுப் பார் விதைத்துவிட்டு, அடுத்த இரண்டு பாரை ஐந்து நாள் கழித்து விதையுங்கள். பிந்திய பார்களின் ஆண் பூ, முந்திய பார்களின் பிந்திய இழைகளுக்குத் தூள் தரும். தூள் அதிக தூரம் போகாது என்பதால் இந்தப் பார்கள் வயல் முழுக்க இடையிடையே இருக்க வேண்டும், ஓரத்தில் மட்டும் வைத்தால் பயனில்லை.

நாற்பதாம் நாளிலிருந்து தண்ணீர்

பூப்பதற்கு இரண்டு வாரம் முன்பும் இரண்டு வாரம் பின்பும் பாசனம் தவறக்கூடாது. கோடையில் இந்தப் பருவத்துப் பயிர் நாளுக்கு ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் நீரை இழுக்கும். செம்மண்ணில் ஐந்தாறு நாளுக்கு ஒரு தண்ணீர், கரிசலில் எட்டு, ஒன்பது நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நாட்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பாரின் தோளில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் ஓரிரு நாள் பொறுக்கலாம், கையிலேயே உதிர்ந்தால் ஏற்கெனவே தாமதம்.

இலையும் சொல்லும். கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்கு இலை சுருளுவது சாதாரணம், மாலையில் விரிந்துவிடும். காலை ஒன்பது மணிக்கே ஈட்டிபோல் சுருண்டு நிற்கிறது என்றால் இரவிலும் செடி தேறவில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு காலையும் மட்டைக்குள் இழை நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உரத்தில் ஒன்றே ஒன்று. தழைச்சத்தின் கடைசிக் கால் பங்கை 45-ஆம் நாள் தரச் சொல்வது வெறும் பழக்கத்துக்காக அல்ல; தழைச்சத்து பற்றாத செடியிலும் இழை பின்தங்குகிறது. அடர்த்தி மிகுந்த வயலிலும் அதேதான் நடக்கும், ஆகவே குத்துக்கு ஒரு செடியாகக் கலைத்துவிடுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் போன்ற இலைவழி ஊட்டம் தெளிப்பவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் தெளியுங்கள். தூள் உதிரும் காலை வேளையில் கொண்டையை நனைக்கக்கூடாது.

இருபது செடிக்குத் துணி கட்டுங்கள்

கொண்டை தலைகாட்டும்போதே வயலின் உள்ளே, வரப்பிலிருந்து ஐந்து பார் தள்ளி, தொடர்ச்சியாக இருபது செடிகளுக்குத் துணி கட்டிவிடுங்கள். தலைமடையில் ஒரு தொகுதி, கடைமடையில் ஒரு தொகுதி. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு நடை. கொண்டையைத் தட்டினால் மஞ்சள் தூள் விழும் செடிகள் எத்தனை, இழை ஒன்றாவது எட்டிப்பார்த்த செடிகள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். தூளைப் பார்ப்பதற்குக் கைப்பேசியின் கறுப்புக் கண்ணாடி போதும். கொண்டைக்குக் கீழே பிடித்துத் தட்டினால் மாவுபோல் தெளிவாகத் தெரியும். பத்தாவது செடி தூள் உதிர்த்த நாள் ஒன்று, பத்தாவது செடியில் இழை வந்த நாள் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ளதே உங்கள் வயலின் இடைவெளி.

நான் முதலில் சொன்ன வயல் என்னுடையதுதான். பிப்ரவரி 10-இல் விதைத்தேன். மார்ச் 24-இல் தலைமடைக்குப் பாய்ச்சி முடித்தேன். மறுநாள் கடைமடையைத் தொடங்க வேண்டும், மோட்டார் காயில் கருகிவிட்டது. கட்டி வர ஆறு நாள். கடைமடைக்கு முந்தைய தண்ணீர் மார்ச் 18. அடுத்தது 31-ஆம் தேதி கிடைத்தது. செம்மண்ணில் 13 நாள் இடைவெளி, கொண்டை வெளிவரும் வாரம், பகலில் 37 டிகிரி.

தலைமடையில் பத்தாவது செடி ஏப்ரல் 2-இல் தூள் உதிர்த்தது, பத்தாவது இழை ஏப்ரல் 4-இல் வந்தது. இடைவெளி இரண்டு நாள். கடைமடையில் தூள் ஏப்ரல் 3. ஒரே ஒரு நாள்தான் பின்தங்கியது. இழையோ ஏப்ரல் 9. இடைவெளி ஆறு நாள். ஏப்ரல் 9-இல் பெரும்பாலான கொண்டைகள் தூளைக் கொட்டி முடிக்கும் நிலையில் இருந்தன. அன்று வெளிவந்த அடிப்பாக இழைகளுக்கு மிச்சம் மீதி கிடைத்தது. நுனியின் இழைகள் ஏப்ரல் 13, 14 வாக்கில் வந்தபோது வயலில் தட்டிப்பார்த்தேன், கண்ணாடியில் ஒன்றும் விழவில்லை.

உதறிப் பார்க்கும் சோதனை

அறுவடை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இழை வந்து ஒரு வாரம் ஆனதும் பிடித்த மணியை எண்ணிவிடலாம். மகரந்தம் ஏற்ற சூலிலிருந்து இழை இரண்டு, மூன்று நாளில் தானாகக் கழன்றுவிடுகிறது. ஏற்காத சூல் இழையை விடுவதில்லை.

ஒரு கதிரைக் காம்போடு ஒடியுங்கள். மட்டையின் மேல் அடியிலிருந்து நுனி வரை கூரான கத்தியால் நீளவாக்கில் ஒரே கீறு, உள்ளே சூலைத் தொடாமல். மட்டைகளை ஒவ்வொன்றாக மெதுவாக விலக்குங்கள், இழுக்க வேண்டாம்; இழுத்தால் ஒட்டியிருக்கும் இழையும் வந்துவிடும், கணக்குத் தப்பாகும். இப்போது அடியைப் பிடித்துக் கதிரை நிமிர்த்தி, பிறகு தலைகீழாக்கி, லேசாக உதறுங்கள். தலைமடைக் கதிரில் இழைகள் கொத்தாகச் சரிந்து காலடியில் விழுந்தன. முத்துமுத்தான வெள்ளைச் சூல்கள் வெறுமையாக நின்றன, நுனியில் மட்டும் பத்துப் பதினைந்து இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைமடைக் கதிரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இழைகள் விழவே இல்லை. ஈரமாகத் தலைமுடிபோல் நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தன. இழை ஒட்டிய ஒவ்வொரு புள்ளியும் அந்த நேரத்தில் மணி இல்லாத புள்ளி.

மட்டையை உரிக்காமலும் ஓர் அறிகுறி தெரியும். தூள் கிடைத்த இழை வளர்ச்சியை நிறுத்தி, பழுப்பாகி வாடும். கிடைக்காத இழை தேடிக்கொண்டே வளரும். மட்டை வாயிலிருந்து ஒரு சாண் நீளம் பச்சையாகத் தாடிபோல் தொங்கும் இழையைப் பார்த்தால் உள்ளே வெறுமை அதிகம் என்று அறியலாம். இழை வெளிவந்து நாலைந்து நாள் வரைதான் நன்றாக ஏற்கும், பத்து நாள் ஆனால் தூள் விழுந்தாலும் பயனில்லை.

வெறுமை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

நுனி வெறுமையாக இருப்பதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு. தக்கை வழவழப்பாக, மணியின் அடையாளமே இல்லாமல் இருந்தால் தூள் சேரவில்லை. சுருங்கிய சிறு வெள்ளை மணிகள் சப்பையாக ஒட்டியிருந்தால் மணி பிடித்து, பிறகு கைவிடப்பட்டிருக்கிறது. பால் பிடிக்கும் வரை செடி தன்னால் ஊட்ட முடியாத மணிகளை நுனியிலிருந்து உதிர்க்கும். இரவிலும் புழுக்கம் குறையாத நாட்களில் இது அதிகம். பகலில் சேர்த்த சர்க்கரையை இரவிலேயே செடி செலவழித்துவிடுகிறது. முதல் வகைக்குப் பூக்கும் வாரத் தண்ணீரும், இரண்டாவதற்குப் பூத்தபின் இரண்டு வாரத் தண்ணீரும் தவறியிருக்கின்றன.

அடிப்பாகம் வெறுமையாக, நுனி நன்றாக இருந்தால் இழை முந்தி, தூள் பிந்திவிட்டது. அல்லது முதல் ஓரிரு நாள் தூள் மலடாக இருந்தது. கதிர் முழுக்கச் சிதறலாக இடைவெளி இருந்தால் இழையின் நுனியைப் பாருங்கள். கத்தரித்ததுபோல் மட்டை வாயோடு வெட்டுண்டு, பக்கத்தில் புழு எச்சம் இருந்தால் அது படைப்புழு அல்லது கதிர்ப்புழுவின் வேலை, வெயிலைக் குறை சொல்லக்கூடாது. பச்சைக் கொண்டையில் பைகள் தொங்கித் தூளும் விழுந்து, இழையும் நேரத்துக்கு வந்து, புழுவும் இல்லாமல் சிதறல் இருந்தால் மட்டுமே தூளின் உயிர் வெயிலில் போனது என்று முடிவு செய்யுங்கள்.

எண்ணிவிட்டு முடிவெடுங்கள்

தலைமடையில் கதிருக்கு 14 வரிசை, வரிசைக்கு 30 மணி, ஆக 420. நூறு மணி 28 கிராம் என்று வைத்தால் கதிருக்கு 118 கிராம். ஏக்கருக்கு 24,000 கதிர் என்றால் சுமார் 28 குவிண்டால். கடைமடையில் பத்துக் கதிர் எண்ணியதில் சராசரி 260 மணி. அதே கணக்கில் 17 குவிண்டாலைச் சற்றுத் தாண்டுகிறது. மணி குறைந்த கதிரில் இருக்கும் மணிகள் கொஞ்சம் பருக்கும். நூறு மணி 30 கிராம் ஆனாலும் 19 குவிண்டாலை எட்டாது. எண்ணிக்கையில் போனதை எடை ஈடுகட்டாது.

ஆகவே உதறிய சோதனையில் பாதிக்குமேல் மணி பிடித்திருந்தால் தண்ணீரை நிறுத்தாமல் மணிக்கே விடுங்கள். மூன்றில் ஒரு பங்குகூடப் பிடிக்கவில்லையென்றால் இழை வந்து மூன்று வாரத்தில், பால் முற்றும் தருணத்தில், பசுந்தீவனமாக வெட்டிப் பால் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். தண்டில் சர்க்கரை தங்கியிருக்கும், மாடு விரும்பித் தின்னும். வறட்சியில் வாடிய பயிர் என்றால் முதல் மழையோ தண்ணீரோ கிடைத்த உடனே வெட்டாதீர்கள். ஒரு வாரம் விட்டு, அடித்தண்டு ஓரடியை நிலத்திலேயே விட்டு மேலே வெட்டுங்கள், நைட்ரேட் அங்கேதான் தேங்கும்.

என் கடைமடையை மணிக்கே விட்டேன். இப்போது பிப்ரவரியில் விதைக்க நேர்ந்தால் 40-ஆம் நாளிலிருந்து முதல் தண்ணீரைக் கடைமடைக்குத் திருப்புகிறேன், தலைமடை பிறகு. வாய்க்கால் முழுவதும் நனைந்து போவதால் தலைமடைக்குக் கசிவாவது கிடைக்கும். கடைமடைக்கு அந்த வழியும் இல்லை.